நாற்பது நிமிடத்தில் நான்கு நாள்: வெளிநாட்டு பையருக்கு எழுதும் வங்கி விவர மெயிலைத் திருத்துவது எப்படி

"ஸ்விஃப்ட்ல போட்டுட்டாங்களாம், ரெண்டு நாள்ல வந்துடும்." கரூரில் எந்த ஏற்றுமதி ஆபீசிலும் வாரம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு காதில் விழும். ரெண்டு நாளில் வராவிட்டால் அடுத்த பேச்சும் தயாராக இருக்கும்: "பேங்க்ல எங்கேயோ மாட்டிக்கிச்சு." எங்கே மாட்டியது, ஏன் மாட்டியது என்று யாரும் கேட்பதில்லை. ஏற்றுமதி டாக்குமெண்ட் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாட்டிய பணத்தில் கணிசமான பகுதி நாமே எழுதிய மெயிலில்தான் மாட்டுகிறது. பையருக்கு நம் வங்கி விவரத்தை எழுதி அனுப்புகிறோமே, அந்தப் பத்து வரி மெயில்.

அதைத் திருத்த ஆங்கிலப் புலமை பெரிதாக வேண்டாம். பணம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் போதும். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

## போவது சீட்டு, பணம் அல்ல

கரூர் மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவருக்கும் பற்று வரவு நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்காரர் கரூரில் இருக்கும் தன் தங்கைக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். பணத்தை யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டார். "இந்தப் பேருக்கு, இந்த விலாசத்தில் ஐயாயிரம் கொடுத்துவிடுங்கள், என் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார். கடைக்காரர் சீட்டைப் பார்த்துக் கொடுப்பார். பஸ்ஸில் வந்தது சீட்டு மட்டும்தான். பணம் இரண்டு நோட்டிலும் எழுத்தாக மாறியது.

வெளிநாட்டுப் பணம் வருவதும் இதே மாதிரிதான். ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று சீட்டு அனுப்பிக்கொள்ளும் வலைப்பின்னல். 1973இல் தொடங்கப்பட்டது, பெல்ஜியத்தில் தலைமையகம். அது எந்தப் பணத்தையும் வைத்திருப்பதில்லை, நகர்த்துவதும் இல்லை. டாலர் நகர்வது வங்கிகளின் கணக்குகளுக்குள். நம் வங்கி நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். அதற்கு நோஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். இத்தாலிய மொழியில் 'நம்முடையது' என்று அர்த்தம். பையரின் வங்கி அந்த நியூயார்க் வங்கிக்கு டாலரைக் கொடுக்கிறது, நியூயார்க் வங்கி நம் வங்கியின் நோஸ்ட்ரோவில் வரவு வைக்கிறது, நம் வங்கி நம் கணக்கில் வரவு வைக்கிறது. நடுவில் நிற்கும் அந்த நியூயார்க் வங்கியை இடைநிலை வங்கி என்பார்கள்.

(இந்த முறைக்கு நம் ஊரில் 'டிடி' என்றும் பேர் உண்டு. தந்தி காலத்து டெலகிராஃபிக் டிரான்ஸ்ஃபரின் சுருக்கம். டிமாண்ட் டிராஃப்டும் டிடிதான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பையரிடம் டிராஃப்ட் எப்போது கூரியரில் வரும் என்று கேட்டு எழுதிய கதையும் எங்களிடம் உண்டு.)

ஆக, பணம் நின்றது என்றால் எங்கோ ஒரு மேசையில் ஒருவருக்கோ ஒரு கம்ப்யூட்டருக்கோ சீட்டு புரியவில்லை என்று அர்த்தம். அந்தச் சீட்டில் இருப்பதெல்லாம் நம் மெயிலிலிருந்து எடுத்து எழுதப்பட்டது.

## மெயிலைப் படிப்பவர் பையர் அல்ல

நாம் எழுதும்போது மனதில் இருப்பவர் பையர். கண்காட்சியில் பார்த்துப் பேசியவர், நம் துண்டின் நெசவைத் தடவிப் பார்த்தவர். அவர் மெயிலைத் திறந்ததும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். அங்கே ஒரு அம்மா தன் வங்கியின் திரையைத் திறந்துவைத்து, கட்டம் கட்டமாக நம் மெயிலிலிருந்து எடுத்து ஒட்டுவார். அவருக்கு நம்மைத் தெரியாது. அன்று அவர் அனுப்ப வேண்டிய முப்பது பணத்தில் நாமும் ஒன்று.

எனவே மெயிலில் எந்தச் சொல்லை எழுதும்போதும் கேட்க வேண்டியது ஒன்றே: இது அவர் திரையில் எந்தக் கட்டத்துக்குப் போகும்? கட்டம் இல்லாத விவரம் அவரைக் குழப்பும். கட்டம் இருந்து விவரம் இல்லாவிட்டால் அவரே எதையாவது போடுவார்.

ஒரு மெயிலை எடுத்துப் பார்ப்போம். கிச்சன் டவலும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு கரூர் நிறுவனம் நியூஜெர்சி பையருக்கு 2025 ஜூன் 30, திங்கட்கிழமை எழுதியது. பெயர், எண் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். நடை மட்டும் அசல்.

```
Dear Sir,
Kindly do the needful and remit USD 12450 at the earliest to
our a/c with our bankers, Karur Main Br. A/c 00001234567890,
IFSC ABCD0001234, MICR 639000000, SWIFT ABCDINBB.
Kindly mention: Payment towards our invoice numbers
#AHT/EXP/0118/2025-26 & #AHT/EXP/0119/2025-26 dt. 03/06/2025
Amount must be sent by 03/07/2025 EOD without fail.
```

இதில் பொய் எதுவும் இல்லை, கணக்கு எண்ணும் சரி. ஆனால் ஜூலை 5 சனிக்கிழமை வாரக்கூலி போடக் கணக்கு பார்த்து வைத்திருந்த பணம் ஜூலை 9 புதன்கிழமைதான் கைக்கு வந்தது. அதுவும் 25 டாலர் குறைவாக. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## பெறுபவர் விவரம்: எது வேண்டும், எது வேண்டாம்

மேலே உள்ள மெயிலில் நிறுவனத்தின் பெயரே இல்லை, கவனித்தீர்களா? "எங்கள் கணக்கு" என்று மட்டும் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே லோகோவில் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்து ஒட்டிக்கொள்வார் என்று விட்டுவிட்டோம். லோகோவில் இருப்பது பிராண்ட் பெயர், வங்கிக் கணக்கில் இருப்பது பதிவுப் பெயர். பணம் பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் நம் வங்கி வரவு வைக்காமல் நிறுத்திக் கேட்கும், அல்லது திருப்பி அனுப்பும். பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். பெயருக்கு முன் 'மெஸர்ஸ்' வேண்டாம். பெயரில் & குறி இருந்தால் AND என்று எழுதுவது நல்லது; ஏன் என்று ரெஃபரன்ஸ் பகுதியில் வருகிறது.

அடுத்து விலாசம். பழைய ஸ்விஃப்ட் சீட்டில் பெயரும் விலாசமும் சேர்த்து நான்கு வரி, வரிக்கு 35 எழுத்து. அவ்வளவுதான் இடம். "எதிரில்", "அருகில்", "பின்புறம்" எல்லாம் எழுதினால் கடைசியில் ஊர் பெயர் வெட்டுப்பட்டுப் போகும். இப்போது வங்கிகள் மாறியிருக்கும் ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய சீட்டு வடிவத்தில் ஊருக்கும் நாட்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. எனவே தெரு ஒரு வரி, ஊர், அஞ்சல் எண், நாடு என்று பிரித்தே கொடுங்கள்.

பிறகு வங்கியின் அடையாளம். ஸ்விஃப்ட் கோட் என்று நாம் சொல்வதன் முறையான பெயர் பிக். எட்டு அல்லது பதினொரு எழுத்து. SBININBB என்பதை எடுத்துக்கொண்டால் முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அதற்கடுத்த இரண்டு இடம். இன்னும் மூன்று எழுத்து சேர்ந்தால் கிளை. நம் கிளைக்குத் தனியாக உண்டா, எந்தக் கோடைக் கொடுக்க வேண்டும் என்று கிளையில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வலையில் தேடி எடுத்தது வேண்டாம்.

ஐஎஃப்எஸ்சி உள்நாட்டு எண். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸுக்கு அது உயிர்நாடி. டாலராக வரும் பணத்துக்கு அமெரிக்க வங்கித் திரையில் பெரும்பாலும் அதற்குக் கட்டமே இல்லை. அதுவும் பதினொரு எழுத்து, பதினொரு எழுத்து பிக்கும் அப்படியே. அந்த அம்மா இதை அதன் கட்டத்தில் ஒட்டினால் அவர் மேல் தப்பில்லை. எம்ஐசிஆர், பான், ஜிஎஸ்டி எண் எல்லாம் இதே வகை, வெளியே எடுத்துவிடலாம். இன்னொரு பக்கம், சில திரைகளில் ஐபான் என்று ஒரு கட்டம் நட்சத்திரக் குறியோடு முறைத்துக்கொண்டு நிற்கும். அது ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் வழங்கும் கணக்கு எண் வடிவம். இந்தியாவில் கிடையாது. "இந்தியாவில் ஐபான் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்காக ஒரு மெயில் போய் வருவது மிச்சம்.

இடைநிலை வங்கியின் விவரத்தை நம் வங்கி கேட்டுக்கொண்டால் மட்டும் சேருங்கள். சேர்த்தால் தனித் தலைப்பில் சேருங்கள். காரணம், அதில் நம் வங்கியின் நோஸ்ட்ரோ கணக்கு எண்ணும் வரும். மெயிலில் இரண்டு கணக்கு எண் இருந்தால், தவறான ஒன்று பெறுபவர் கட்டத்தில் போய் உட்கார வழியிருக்கிறது. அப்போது பணம் நம் வங்கியிடம் வந்துவிடும், ஆனால் யாருக்கு என்று தெரியாமல் கிடக்கும்.

இரண்டு சின்ன விஷயம் பாக்கி. நாணயம் USD என்று மட்டும் எழுதினால் போதாது. இந்தியாவுக்கு என்றதும் பல அமெரிக்க வங்கித் திரைகள் ரூபாயாக மாற்றி அனுப்பவா என்று கேட்கும், சிலவற்றில் அதுவே முதல் தேர்வாக இருக்கும். மாற்றினால் அவர்கள் வங்கி சொன்ன விலை. "டாலராகவே அனுப்பவும்" என்று சொல்லியாக வேண்டும். அடுத்தது செலவு. சீட்டில் இதற்கு மூன்று சொல்தான் உண்டு. OUR என்றால் அனுப்புபவர் எல்லா வங்கிச் செலவையும் ஏற்கிறார். SHA என்றால் அவரவர் பக்கத்துச் செலவு அவரவருக்கு, இடைநிலை வங்கி எடுப்பது வரும் தொகையில் கழியும். BEN என்றால் எல்லாம் நம் தலையில். நம் மெயிலில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை, அந்த அம்மா திரையில் ஏற்கெனவே இருந்த SHAவை அப்படியே விட்டார். அந்த 25 டாலர் போன வழி அதுதான். OUR போட்டாலும் எப்போதாவது நடுவில் பிடிப்பது உண்டு. ஆனால் அப்போது பேச நமக்கு ஒரு பிடி இருக்கும்.

இதுவரை பார்த்தது: பதிவுப் பெயர், கணக்கு எண், பிரித்து எழுதிய விலாசம், பிக், நாணயம், செலவு யாருக்கு. உள்நாட்டு எண்கள் வெளியே.

## ரெஃபரன்ஸ்: 35 எழுத்துக்குள் ஒரு இன்வாய்ஸ்

ரெஃபரன்ஸ் என்ற சொல்லை மூன்று பேர் மூன்று பொருளில் சொல்வதால் முதலில் பிரித்துக்கொள்வோம். பையரின் வங்கி தன் பதிவுக்காகப் போடுவது ஒன்று. சீட்டு எந்த வங்கிக்குப் போனாலும் மாறாமல் கூடவே போகும் 36 எழுத்து எண் ஒன்று, அதற்கு யுஇடிஆர் என்று பெயர். பணத்தைத் தேட உதவுவது இது. மூன்றாவதுதான் நம் மெயிலில் நாம் கேட்பது: இந்தப் பணம் எந்த இன்வாய்ஸுக்கு என்று பையர் எழுதும் குறிப்பு. முதல் இரண்டையும் வங்கி பார்த்துக்கொள்ளும், மூன்றாவதை நாம்தான் வடிவமைத்துக் கொடுக்க வேண்டும்.

இந்தக் குறிப்புக்குப் பழைய சீட்டில் நான்கு வரி, வரிக்கு 35 எழுத்து, மொத்தம் 140. ஆனால் பையரின் திரை எல்லாவற்றையும் தரும் என்று உறுதியில்லை. சிலவற்றில் ஒரு வரிதான். நம் மெயில் கேட்டுக்கொண்ட வாசகத்தை எண்ணிப் பாருங்கள்:

```
Payment towards our invoice numbers
```

வெற்றிடத்தையும் சேர்த்து எண்ணினால் சரியாக 35. முதல் வரி முடிந்தது, ஒரு எண்கூட வரவில்லை. பையரின் திரையில் ஒரு வரிதான் இருந்தது. நம் வங்கிக்கு வந்த சீட்டில் இதுதான் இருந்தது, இதோடு முடிந்தும் இருந்தது.

அதனால் என்ன நடக்கும்? ஏற்றுமதிப் பணம் என்றால் நம் வங்கி அதை எந்த ஷிப்பிங் பில்லுக்கு எதிராக வைப்பது என்று தெரிந்துகொண்டாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணினியில் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் பணம் வரும் வரை திறந்தே நிற்கும். போன சரக்குக்கு வரும் பணமா, வரப்போகும் சரக்குக்கு முன்பணமா என்பதற்கும் நோக்கக் குறியீடு வேறு: முன்பணத்துக்கு P0103, வசூலுக்கு அனுப்பிய பில்லுக்கு P0102. சீட்டில் துப்பு இல்லாததால் கிளையிலிருந்து "இந்தப் பணத்தை என்ன செய்வது என்று எழுதிக் கொடுங்கள்" என்று மெயில் வந்தது. செவ்வாய் மதியம் வந்த மெயிலை ஆபீசில் மாலையில்தான் பார்த்தார்கள். கடிதம் போனது புதன்கிழமை. ஒரு நாள் இங்கே போனது.

எண்களும் சரியில்லை. ஸ்விஃப்ட் சீட்டில் பழைய தந்தி எழுத்துகள்தான் செல்லும்: ஆங்கில எழுத்து, எண், வெற்றிடம், அப்புறம் புள்ளி, காற்புள்ளி, சாய்கோடு, சிறு கோடு போன்ற சில குறிகள். # கிடையாது, & கிடையாது, _ கிடையாது. புதிய வடிவம் கொஞ்சம் தாராளம் என்றாலும், பழையதை மனதில் வைத்து எழுதினால் எங்கும் செல்லும். செல்லாத குறியைச் சில திரைகள் ஏற்காது, சில வெற்றிடமாக்கும், சில சத்தமில்லாமல் விழுங்கும். 118&119 என்பதில் & விழுங்கப்பட்டால் மிஞ்சுவது 118119. அப்படி ஒரு இன்வாய்ஸே நம்மிடம் இல்லை.

ஆக விதி எளிது. எண் முதலில், விளக்கம் பின்னால், குறிகள் வேண்டாம், 35 எழுத்துக்குள். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதியைக் குறிப்பில் சொல்ல வேண்டியதில்லை:

```
INV 0118 0119 AHT
```

17 எழுத்து. நிதியாண்டு மாறினால் இன்வாய்ஸ் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறதா? அப்படியானால் 2526 என்று நான்கு எழுத்து சேர்த்துக்கொள்ளலாம், அப்போதும் இடம் மிச்சம். எந்த இன்வாய்ஸுக்கு எவ்வளவு என்ற பிரிவை (0118க்கு 7,250, 0119க்கு 5,200) மெயிலில் எழுதி, நம் கிளைக்கும் ஒரு பிரதி முன்கூட்டியே கொடுத்துவிடலாம். சீட்டுக்குள் திணிக்கத் தேவையில்லை.

முழு வாக்கியமாக "இதைக் குறிப்பிடவும்" என்று கேட்காமல், ஒட்டத் தயாராகத் தனி வரியில் கொடுங்கள். அவருக்கு நகலெடுத்து ஒட்டும் வேலை மட்டும் இருக்கட்டும்.

## கட்-ஆஃப்: யாருடைய கடிகாரம்?

கட்-ஆஃப் என்றால் அன்றைய கணக்கில் சேர்க்க வங்கி எடுத்துக்கொள்ளும் கடைசி நேரம். தபால் பெட்டியில் "அடுத்து எடுக்கும் நேரம் 4.30" என்று எழுதியிருக்குமே, அது மாதிரி. 4.35க்குப் போட்ட கடிதம் தொலையாது, அடுத்த நாள் எடுக்கப்படும். டாலர் வரும் வழியில் இப்படி மூன்று பெட்டி இருக்கிறது.

முதல் பெட்டி பையரின் வங்கி. அவர் திரையில் அனுப்பு என்று அழுத்தக் கடைசி நேரம். வங்கிக்கு வங்கி மாறும், பையருக்குத்தான் தெரியும். நம் கதையில் நியூயார்க் நேரம் மாலை 5 மணி.

இரண்டாவது, அமெரிக்க வங்கிகளுக்கிடையே டாலர் கைமாறும் அமைப்பு. அமெரிக்க மத்திய வங்கி நடத்தும் ஃபெட்வயர் முந்தின நாள் இரவு 9 மணிக்குத் திறந்து, மறுநாள் மாலை 7 மணிக்கு மூடுகிறது. வாடிக்கையாளர் பணத்துக்கு 6.45 கடைசி. 6.45 வரை நேரம் இருக்கும்போது பையரின் வங்கி ஏன் 5 மணிக்கே மூடுகிறது? கணக்கில் பணம் இருக்கிறதா, தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க அதற்கு நேரம் வேண்டும். நம் கதைக்கு வேண்டியது இது: ஃபெட்வயர் சனி, ஞாயிறு, அமெரிக்க அரசு விடுமுறை நாள்களில் ஓடாது.

மூன்றாவது நம் வங்கி. பணம் வந்த செய்தியைப் பார்த்து, ரூபாயாக மாற்றி, அன்றே வரவு வைக்க அதற்கும் ஒரு நேரம் உண்டு. கிளையில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது மெயிலுக்கு வாருங்கள். "03/07/2025 ஈஓடிக்குள்." முதலில் அந்தத் தேதி. அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும். அங்கே அது மார்ச் 7. ஏற்கெனவே போய்விட்ட தேதி என்பதால் அந்த அம்மா புரிந்துகொண்டார். 08/06 மாதிரி இருந்தால் இரண்டு மாதம் தள்ளிப்போக வாய்ப்பிருந்தது. அடுத்து, ஈஓடி. நாளின் முடிவு. யாருடைய நாள், எதன் முடிவு? அவர் தன் வேலை நாளின் முடிவு என்று எடுத்துக்கொண்டார். அதில் தவறு சொல்ல முடியாது. வியாழன் மாலை 5.40க்கு அனுப்பு என்று அழுத்தினார்.

ஐந்து மணிப் பெட்டி போய்விட்டது. அடுத்து எடுப்பது மறுநாள். மறுநாள் ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். அதற்கடுத்து சனி, ஞாயிறு. பணம் நகர்ந்தது ஜூலை 7, திங்கட்கிழமை காலை. நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு இரவு 7.30. கிளை மூடியாயிற்று. செவ்வாய்க்கிழமை நம் வங்கி சீட்டைத் திறந்தது, அதில் இன்வாய்ஸ் எண் இல்லை, மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

அதே வியாழன் மதியம் 2 மணிக்கு அவர் அழுத்தியிருந்தால்? நமக்கு இரவு 11.30. வெள்ளி காலை நம் வங்கியின் மேசையில் சீட்டு இருந்திருக்கும். விவரம் சுத்தமாக இருந்தால் அன்றே வரவு, சனிக்கிழமை கூலி. அந்த அம்மா தாமதித்தது கட்-ஆஃபைத் தாண்டி 40 நிமிடம். நமக்கு ஆனது வெள்ளியிலிருந்து செவ்வாய், நான்கு நாள்.

ஆகவே மெயிலில் எழுத வேண்டியது நம் கடிகாரம் அல்ல, அவர் கடிகாரம். இந்திய நேரத்தைக் கொடுத்து அவரைக் கணக்குப் போடச் சொல்லாதீர்கள். இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அங்கே மாற்றுகிறார்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் சேருங்கள். கிழமை இருந்தால் தேதி தவறானாலும் உடனே கண்ணில் படும். அவர் வங்கியின் கட்-ஆஃப் நமக்குத் தெரியாததால் மதியம் 2 மணி மாதிரி கொஞ்சம் முன்பாகவே கேளுங்கள். அவர் நாட்டு விடுமுறை நடுவில் வந்தால் நாமே நினைவுபடுத்தலாம். அதை அதிகப்பிரசங்கித்தனமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

## திருத்தி எழுதினால்

```
Currency          : USD - please do not convert to INR
Amount            : 12,450.00
Beneficiary name  : AAA HOME TEXTILES
Account number    : 00001234567890
Street            : 12 Example Street
Town, country     : Karur 639002, India
Beneficiary bank  : Bank name, Karur Main Branch
SWIFT / BIC       : ABCDINBB
IBAN              : Not used in India
Charges           : OUR
Payment reference : INV 0118 0119 AHT

Please release by 2:00 pm New York time, Thursday 3 July 2025.
Friday 4 July is a US bank holiday, so a wire that misses your
bank's cut-off on Thursday will move only on Monday 7 July.
These are the same bank details you paid in March 2025.
```

'தேவையானதைச் செய்யவும்' என்ற நம் ஊர் ஆங்கிலம் போய்விட்டது. 'தவறாமல்' போய்விட்டது. கெஞ்சலும் மிரட்டலும் செய்யாத வேலையை விடுமுறை பற்றிய ஒரு வரி செய்யும், ஏன் அவசரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. வங்கி விவரத்தைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே வைத்திருப்பதையும் பாருங்கள். படமாக இருந்தால் அவர் ஒவ்வொரு எண்ணையும் பார்த்துத் தட்ட வேண்டும், 14 இலக்கத்தில் ஒன்று தப்பும்.

கடைசி வரி எதற்கு என்று கேட்கலாம். வங்கி விவரம் போகும் மெயிலுக்காகத்தான் திருடர்கள் காத்திருக்கிறார்கள். யாராவது ஒருவரின் மெயில் பெட்டிக்குள் நுழைந்து, பல வாரம் சும்மா படித்துக்கொண்டிருந்து, சரியான நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நம் பெயரில், நம் நடையில், இதே இன்வாய்ஸ் எண்ணோடு எழுதுவார்கள். இந்த வகை மோசடியில் 2023இல் மட்டும் தனக்கு வந்த புகார்களில் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று எஃப்பிஐ கணக்குச் சொன்னது. போன பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கி இன்னொரு சீட்டு அனுப்பலாம். ஆனால் அது வேண்டுகோள்தான், எதிர்ப்பக்கம் எடுத்துவிட்டால் முடிந்தது.

அதனால் புதிய பையரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: கணக்கு மாற்றத்தை நாங்கள் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம், அப்படி ஏதாவது வந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். "ஏற்கெனவே இருக்கும்" என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாலும் தப்பில்லை. சந்தேக மெயிலிலேயே கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் எடுப்பவன் திருடனாகத்தான் இருப்பான். விவரம் உண்மையிலேயே மாறினால் அதைத் தனி மெயிலாக அனுப்புங்கள், இன்வாய்ஸோடும் அவசரத் தேதியோடும் கலக்காதீர்கள்.

## ஸ்விஃப்ட் காப்பி வந்ததும்

பணம் அனுப்பியதும் ஸ்விஃப்ட் காப்பி கேட்பது நம் வழக்கம். வாங்கி ஃபைலில் போட்டுவிடுகிறோம், படிப்பதில்லை. ஆனால் தவறைக் கண்டுபிடிக்க அதுதான் முதல் சந்தர்ப்பம். நம் கதையில் பையர் வியாழன் இரவே காப்பி அனுப்பியிருந்தார். அதில் பார்க்க வேண்டிய இடங்கள் இவ்வளவுதான்:

```
:32A:250707USD12450,00
:59:/00001234567890
AAA HOME TEXTILES
:70:Payment towards our invoice numbers
:71A:SHA
```

32A என்பது பணம் நகரும் தேதியும் தொகையும். வருடம், மாதம், நாள் என்ற வரிசை. 250707 என்றால் 2025 ஜூலை 7. காற்புள்ளி இங்கே தசமப் புள்ளியின் வேலையைச் செய்கிறது, பயப்பட வேண்டாம். 59 பெறுபவர், 70 குறிப்பு, 71A செலவு. புதிய வடிவத்துக் காப்பியில் இந்த எண்கள் இருக்காது, தலைப்புகள் சொல்லாக வரும். பார்க்க வேண்டிய நான்கும் அதேதான்.

வெள்ளிக்கிழமை காலை இதை ஒருவர் நிதானமாகப் படித்திருந்தால் மூன்றும் அப்போதே தெரிந்திருக்கும். சனிக்கிழமைக்குள் பணம் வராது, கூலிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். குறிப்பில் எண் இல்லை, இன்வாய்ஸ் பிரிவைக் கிளைக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை பணம் நிற்காது. செலவு SHA, சில டாலர் குறையும். முதலாளி அதைப் படித்தது அடுத்த வாரம், கிளையிலிருந்து மெயில் வந்த பிறகு. "தேதிதான் போட்டிருக்கே தம்பி, முதல் வரியிலேயே" என்றார்.